நிமிர்ந்து நின்ற படம் ஏன் படுத்துக்கொண்டது?

இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்கிறார்கள். வெள்ளைச் சுவரின் முன் நின்று, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் கைவசம் இருக்கிறது. அதை ஏற்றுகிறீர்கள். திரையில் படம் நேராகத்தான் தெரிகிறது. முகத்தைச் சுற்றி ஒரு கட்டத்தை இழுத்து வைத்து 'கிராப்' பட்டனை அழுத்துகிறீர்கள். அடுத்த நொடி வந்து நிற்பது உங்கள் முகம் அல்ல. பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் ஒரு மூக்கு, தாடை, கழுத்து, கொஞ்சம் சட்டைக் காலர்.

திரும்ப முயன்றாலும் அதே கதைதான். பிரவுசிங் சென்டருக்குப் போனால் அங்கே இருப்பவர், "போன்லயே லேசா ஒரு எடிட் பண்ணி, சேவ் பண்ணி எடுத்துட்டு வாங்கண்ணே, சரியாயிடும்" என்கிறார். செய்து பார்த்தால் பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஏன் சரியாகிறது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கேமராவில் கோளாறு இல்லை. நீங்கள் கட்டம் போட்டதிலும் தவறு இல்லை. படத்தோடு சேர்ந்து பயணிக்கும் ஒரே ஓர் எண்ணை ஒரு மென்பொருள் மதிக்கிறது, இன்னொன்று கண்டுகொள்வதில்லை. அந்த எண்ணின் பெயர் எக்ஸிஃப் ஓரியன்டேஷன்.

சென்சார் திரும்புவதில்லை

போனின் பின்பக்கக் கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஒரு சின்னச் செவ்வகம். போனின் நீளவாட்டில் அதன் நீளப் பக்கம் அமையும்படி பொருத்தியிருப்பார்கள். 12 மெகாபிக்சல் கேமரா பலவற்றில் அந்தச் செவ்வகம் தரும் படத்தின் அளவு 4032 × 3024 பிக்சல். சென்சார் எப்போதும் ஒரே மூலையில் தொடங்கி, ஒரே வரிசையில்தான் தன் பிக்சல்களைப் படித்துத் தரும். நீங்கள் போனை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் சிக்கல் இல்லை. நிமிர்த்திப் பிடிக்கும்போது சென்சாரும் போனோடு சேர்ந்து நிமிர்ந்துவிடுகிறது. ஆனால் அது படித்துத் தரும் படம் அதே 4032 பிக்சல் அகலம், 3024 பிக்சல் உயரம் கொண்டதுதான். அந்தப் படத்தில் உங்கள் தலை இடப்பக்கமும் கால் வலப்பக்கமுமாக இருக்கும். அதாவது நிமிர்ந்து எடுத்த ஒவ்வொரு படமும் சென்சாரிலிருந்து படுத்த நிலையில்தான் புறப்படுகிறது.

போனுக்குள் புவியீர்ப்பின் திசையை உணரும் முடுக்கமானி இருக்கிறது. 'கீழ்' எந்தப் பக்கம் என்று அது சொல்லிவிடும். அதை வைத்து போன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றி, படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமிக்கலாம். அல்லது பிக்சல்களைத் தொடாமல் விட்டுவிட்டு, 'காட்டும்போது வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பிக் காட்டவும்' என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதலாம். முதல் வழிக்குச் சுருக்கப்படாத படம் முழுவதையும், ஏறத்தாழ 36 மெகாபைட், நினைவகத்தில் வைத்துப் புரட்ட வேண்டும். இரண்டாவது வழிக்கு ஓர் எண் போதும். பட்டனை அழுத்தியவுடன் அடுத்த படத்துக்குத் தயாராக வேண்டிய கருவிக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை. லாரி ஷெட்டில் பெட்டியைத் திருப்பி அடுக்காமல், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி மட்டும் போட்டு அனுப்புவது போன்ற வேலை இது. இறக்குகிறவர் அம்புக்குறியைப் பார்த்தால் சரி.

எல்லா போனும் இப்படிச் செய்வதில்லை. ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, குறிப்பு எழுதுவதா, பிக்சல்களையே திருப்புவதா என்ற முடிவு கேமரா வன்பொருளைத் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரே வீட்டில், ஒரே இணையதளத்தில், அக்காவின் போன் படம் சரியாகப் போகும், தம்பியின் போன் படம் படுத்துக்கொள்ளும்.

பன்னிரண்டு பைட்டில் ஒரு குறிப்பு

ஜேபெக் கோப்பின் முன்பகுதியில், படத்துக்கு முன்னாலேயே, எக்ஸிஃப் என்ற தகவல் பகுதி இருக்கிறது. எடுத்த நாள், நேரம், கேமரா மாடல், லென்ஸ் விவரம், சில சமயம் இடம் எல்லாம் அதில்தான். ஓரியன்டேஷனுக்கு அங்கே ஒதுக்கப்பட்டிருப்பது 12 பைட். கோப்பைப் பதினாறடிமான எண்களாகத் திறந்து பார்த்தால், நிமிர்த்தி எடுத்த படம் ஒன்றில் அந்த இடம் இப்படி இருக்கும்:

```
01 12 00 03 00 00 00 01 00 06 00 00
```

முதல் இரண்டு பைட்டான `01 12`, 'இது ஓரியன்டேஷன்' என்று சொல்லும் அடையாள எண். அடுத்த இரண்டு, மதிப்பு எந்த வகை எண் என்பதைச் சொல்கின்றன. அதற்கடுத்த நான்கும் மதிப்பு ஒன்றே ஒன்று என்கின்றன. பிறகு வரும் `00 06` தான் குறிப்பின் உள்ளடக்கம்: ஆறு. கடைசி இரண்டும் இடம் நிரப்ப. சில போன்கள் இதே பைட்டுகளைத் தலைகீழ் வரிசையில் எழுதும், பொருள் மாறாது.

மொத்தம் எட்டு மதிப்புகள் உண்டு. 1 என்றால் படம் இருக்கிறபடியே காட்டலாம். 3 என்றால் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 6 என்றால் வலப்பக்கமாகக் கால் சுற்று, 8 என்றால் இடப்பக்கமாகக் கால் சுற்று. மீதி நான்கும், அதாவது 2, 4, 5, 7 ஆகியவை, இவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள். போன் படங்களில் அவற்றை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். நாம் நிமிர்த்தி எடுக்கும் படங்களில் அடிக்கடி வருவது 6.

இந்த எண்முறை போன் கேமராவுக்காக உருவானதல்ல. ஸ்கேனர் காலத்து டிஃப் கோப்பு வடிவத்தின் ஆறாம் பதிப்பு 1992-இல் வெளியானது. அதிலேயே இந்த எட்டு மதிப்புகளும் இருக்கின்றன. கூடவே ஒரு சலுகையும் இருக்கிறது: அடிப்படை டிஃப் மென்பொருள் ஒன்று, 1-ஐத் தவிர மற்ற மதிப்புகளைக் கையாள வேண்டிய கட்டாயம் இல்லை. 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் டிஜிட்டல் கேமராக்களுக்காக எக்ஸிஃப் தரத்தை வெளியிட்டபோது, அது டிஃப் வடிவத்தின் கட்டமைப்பையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. படிக்காமல் விடுகிற பழக்கமும் கூடவே தொடர்ந்தது. விண்டோஸ் 7-இல் வந்த படம் பார்க்கும் மென்பொருள் இந்த எண்ணைப் பொருட்படுத்தவில்லை, விண்டோஸ் 8-லிருந்துதான் மதிக்கத் தொடங்கியது. பிரவுசர்களும் பல ஆண்டுகள் இணையப் பக்கத்துக்குள் வரும் படத்துக்கு இந்த எண்ணைப் பார்க்காமலேயே இருந்தன. குரோம் 2020-இல் தன் 81-ஆம் பதிப்பில் வழக்கத்தை மாற்றியது. ஃபயர்பாக்ஸும் அதே ஆண்டில் மாறியது.

இந்த மாற்றத்தில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. முன்பு பிரவுசரும் எண்ணைப் பார்க்காது, மறுமுனையில் சர்வரும் பார்க்காது. ஏற்றியவுடனேயே படம் படுத்த நிலையில் தெரியும். பார்த்தவர் உஷாராகி, திருப்பிவிட்டுப் பிறகு கிராப் செய்வார். இன்று பிரவுசர் ஒழுங்காக நிமிர்த்திக் காட்டுகிறது, சர்வர் பழைய வழியிலேயே இருக்கிறது. இருவரும் தவறியபோது தவறு கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் திருந்தியதும் அது மறைந்துகொண்டது. பட்டனை அழுத்திய பிறகுதான் வெளியே வருகிறது.

கட்டம் எங்கே போய் விழுந்தது?

இப்போது அந்த விண்ணப்பப் படத்துக்கே வருவோம். என்ன நடந்தது என்பதை எண்களோடு பார்த்தால் மர்மம் விலகிவிடும்.

கோப்பில் படம் 4032 அகலம், 3024 உயரம், குறிப்பு 6. பிரவுசர் குறிப்பைப் படித்து, கால் சுற்று திருப்பி, 3024 அகலமும் 4032 உயரமுமாக நிமிர்த்திக் காட்டுகிறது. நீங்கள் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் இழுக்கிறீர்கள். அதன் இடது ஓரம் படத்தின் இடது விளிம்பிலிருந்து 1000-ஆவது பிக்சலில், மேல் ஓரம் உச்சியிலிருந்து 500-ஆவது பிக்சலில், அகலம் 1050, உயரம் 1350. பாஸ்போர்ட் படத்துக்குரிய 35-க்கு 45 என்ற விகிதம் சரியாக வருகிறது.

பட்டனை அழுத்தியதும் பிரவுசர் மூலப் படத்தையும் இந்த நான்கு எண்களையும் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே இருக்கும் நிரல் கோப்பைத் திறக்கிறது. பைத்தானின் பில்லோ, பிஎச்பியின் ஜிடி போன்ற புழக்கத்தில் உள்ள நூலகங்கள், தனியாகச் சொன்னாலொழிய ஓரியன்டேஷன் எண்ணைச் செயல்படுத்துவதில்லை. கோப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தலை இடப்பக்கமாகப் படுத்த படம்தான் நிரலுக்குக் கிடைக்கிறது. அந்தப் படத்தில் அதே நான்கு எண்களை வைத்து வெட்டுகிறது.

படுத்த படத்தில் இடமிருந்து 1000 என்பது, நிமிர்ந்த படத்தில் மேலிருந்து 1000. ஏனென்றால் நிமிர்ந்த படத்தின் உச்சிதான் இங்கே இடது விளிம்பு. ஆகவே வெட்டப்பட்ட பகுதி நிமிர்ந்த படத்தில் மேலிருந்து 1000 முதல் 2050 வரை. நீங்கள் கேட்டதோ 500 முதல் 1850 வரை. நெற்றியும் கண்ணும் இருந்த மேல் 500 பிக்சல் போய்விட்டது. கீழே கழுத்தும் காலரும் 200 பிக்சலுக்கு உள்ளே வந்துவிட்டன. பக்கவாட்டிலும் அப்படித்தான். நீங்கள் கேட்டது 1000 முதல் 2050 வரை, கிடைத்தது 1174 முதல் 2524 வரை. ஒரு பக்கக் காது போய், மறுபக்கம் வெறும் சுவர் சேர்ந்துகொண்டது.

சர்வர் சரியான இடத்தை வெட்டியிருக்க வேண்டுமானால், படுத்த படத்தில் இடமிருந்து 500, மேலிருந்து 974, அகலம் 1350, உயரம் 1050 என்று எண்களை மாற்றிப் போட்டு, வெட்டியதைக் கால் சுற்று திருப்பியிருக்க வேண்டும். 974 எப்படி வந்தது? நிமிர்ந்த படத்தின் வலது ஓரம்தான் படுத்த படத்தின் மேல் ஓரம். உங்கள் கட்டத்தின் வலது ஓரம் 2050-இல் இருந்தது. 3024-இல் அதைக் கழித்தால் 974.

தவறாக வெட்டிய துண்டின் அளவைக் கவனியுங்கள். 1050 அகலம், 1350 உயரம். கேட்ட அளவு அச்சு அசலாக இருக்கிறது. அளவையும் கோப்பு எடையையும் மட்டும் சரிபார்க்கும் நிரல் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருப்பது படுத்த தாடை என்று அதற்குத் தெரியாது. வெட்டிய துண்டைச் சேமிக்கும்போது பில்லோ பழைய எக்ஸிஃப் தகவலைத் தானாகக் கூடவே எழுதுவதில்லை. குறிப்பும் தொலைந்துவிட்டதால், அதற்குப் பிறகு அந்தப் படத்தை எங்கே திறந்தாலும் படுத்தே கிடக்கும்.

கட்டத்தைப் படத்தின் கீழ்ப்பகுதியில் போட்டிருந்தால் இன்னொரு விநோதமும் நடக்கும். நிமிர்ந்த படத்தில் 4032 வரை உயரம் இருக்கிறது, படுத்த படத்திலோ 3024-உடன் முடிந்துவிடுகிறது. மேலிருந்து 2800-இல் தொடங்கும் ஒரு கட்டம் படத்துக்கு வெளியே நீண்டுவிடும். பில்லோ அந்த வெற்றிடத்தைக் கறுப்பால் நிரப்பிக் கொடுக்கும்.

தலை எந்தப் பக்கம்?

பழுது எந்த இடத்தில் என்பதைப் படத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். போனை வழக்கம்போல் நிமிர்த்தி எடுத்து, குறிப்பு 6 உள்ள படம் என்று வைத்துக்கொள்வோம்.

தலை இடப்பக்கம் கிடந்தால், யாரோ குறிப்பைப் படிக்கவில்லை, அல்லது படத்தைத் திருப்பாமலேயே குறிப்பை அழித்துவிட்டார்கள். தலை வலப்பக்கம் கிடந்தால் கதை வேறு: இரண்டு முறை திருப்பப்பட்டிருக்கிறது. ஒரு மென்பொருள் பிக்சல்களை நிஜமாகவே நிமிர்த்திவிட்டு, குறிப்பை 1 என்று மாற்ற மறந்து 6 என்றே விட்டிருக்கும். அடுத்தது அந்த 6-ஐ நம்பி இன்னொரு கால் சுற்று திருப்பியிருக்கும். முகம் நேராக இருக்கிறது, ஆனால் வெட்டிய இடம் தவறு, படமும் நெட்டுக்குப் பதில் அகலமாக வந்திருக்கிறது என்றால், வெட்டியபோது குறிப்பைப் பார்க்காமல், சேமிக்கும்போது மட்டும் அதை அப்படியே சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

உறுதிசெய்ய, கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு இந்த ஒரு வரியைக் கொடுத்தால் போதும்:

```
exiftool -n -Orientation -ImageWidth -ImageHeight photo.jpg
```

நிமிர்ந்து தெரியும் படத்துக்கு 6, 4032, 3024 என்று பதில் வந்தால், அது குறிப்பை நம்பி நிற்கும் படம். 1, 3024, 4032 என்று வந்தால் பிக்சல்களே நிமிர்ந்துவிட்டன, எங்கே கொண்டுபோனாலும் படுக்காது.

அந்தரங்கப் பாதுகாப்புக்காக எக்ஸிஃப் தகவலை அழிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எடுத்த இடத்தை மறைக்க எல்லாவற்றையும் துடைத்தால், அந்த 12 பைட்டும் சேர்ந்தே போய்விடும். நேற்றுவரை நேராக இருந்த ஆல்பம் முழுவதும் இன்று சாய்ந்து கிடக்கும். மற்றதை அழித்து ஓரியன்டேஷனை மட்டும் காப்பாற்ற வழி இருக்கிறது:

```
exiftool -all= -tagsfromfile @ -Orientation photo.jpg
```

குறிப்பே தவறாக இருந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் குறிப்பு சரியாக இருந்து, படிப்பவர் தவறிய கதை. குறிப்பே தவறாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மதிப்பெண் பட்டியலையோ ஆதார் அட்டையையோ மேஜையில் வைத்து, போனைத் தரைக்கு இணையாகப் பிடித்து நேர் மேலிருந்து எடுக்கும்போது அது நடக்கிறது. போன் நிமிர்ந்திருந்தால் புவியீர்ப்பு அதன் நீளவாட்டில் இழுக்கும், படுக்கைவாட்டில் இருந்தால் அகலவாட்டில் இழுக்கும். முடுக்கமானி இந்த வேறுபாட்டை வைத்துத்தான் திசையைச் சொல்கிறது. போன் தட்டையாக இருக்கும்போது இழுப்பு முழுவதும் திரைக்குச் செங்குத்தாகப் போய்விடுகிறது. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சாது. அப்போது போன் கடைசியாகத் தெரிந்த திசையையே பிடித்துக்கொண்டு குறிப்பு எழுதிவிடும். எந்த மென்பொருளில் திறந்தாலும் சான்றிதழ் பக்கவாட்டில்தான் வரும். போனை முதலில் நெஞ்சுயரத்தில் நிமிர்த்திப் பிடித்து, கேமராவில் உள்ள பொத்தான் சின்னங்கள் நேராகத் திரும்பியதைப் பார்த்துவிட்டு, பிறகு சான்றிதழின் மேல் சாய்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

திருப்பு, பிறகு வெட்டு

பிரவுசிங் சென்டர்காரரின் யோசனை ஏன் பலிக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். போனில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, நகலாகச் சேமிக்கும்போது படம் பொதுவாகப் புதிதாக எழுதப்படுகிறது. பிக்சல்கள் நிமிர்ந்த நிலையில் அடுக்கப்பட்டு, குறிப்பு 1 ஆகிவிடுகிறது. வெட்டாமல் வெறுமனே சுழற்றிச் சேமித்தால் இதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சில கேலரி செயலிகள் பிக்சல்களைத் தொடாமல், குறிப்பில் உள்ள எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எதுவும் கைகொடுக்காவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றலாம். அதில் திரையில் தெரிந்ததுதான் பிக்சலாகப் பதிவாகிறது, திருப்பச் சொல்லும் குறிப்புக்கே வேலை இல்லை. படத்தின் அளவு திரையின் அளவுக்குக் குறைந்துவிடும் என்பதுதான் அதற்கான விலை.

ஆனால் உண்மையில் இது விண்ணப்பிப்பவர் செய்ய வேண்டிய வேலையே அல்ல. தளத்தை உருவாக்குகிறவர் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் தீர்ந்தது. பில்லோவில் அதற்கான கட்டளை 2019-லிருந்தே இருக்கிறது:

```python
from PIL import Image, ImageOps

im = ImageOps.exif_transpose(Image.open("photo.jpg"))
im.crop((1000, 500, 2050, 1850)).save("face.jpg")
```

`exif_transpose` குறிப்பைப் படித்து, பிக்சல்களைத் திருப்பி, குறிப்பையும் நீக்கிவிடுகிறது. அதன் பிறகுதான் வெட்டு. இந்த வரிசை முக்கியம்: முதலில் வெட்டிவிட்டுப் பிறகு திருப்பினால், நேராக நிற்கும் தவறான துண்டுதான் கிடைக்கும். இன்னொரு பொறியும் உண்டு. ஓப்பன்சிவி என்ற நூலகம் படத்தைத் திறக்கும்போது வழக்கமாகத் தானாகவே நிமிர்த்திவிடும். முகத்தைக் கண்டுபிடிக்க அதையும், வெட்டுவதற்கு வெறும் பில்லோவையும் பயன்படுத்தினால், ஒரே நிரலுக்குள்ளேயே இரண்டு பேர் இரண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பிழை சோதனையில் சிக்காமல் தப்புவதற்கும் ஒரு காரணம் உண்டு. தளத்தைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் கணினியில் கிடக்கும் ஏதாவது ஒரு படத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். இணையத்திலிருந்து இறக்கியவை, ஸ்கிரீன்ஷாட்டுகள் போன்றவற்றில் பொதுவாகக் குறிப்பே இருக்காது, இருந்தாலும் 1 ஆகத்தான் இருக்கும். போனை நேராக, தலைகீழாக, இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து ஒரே முகத்தை நான்கு விதமாக எடுத்து, எக்ஸிஃப்டூலில் 1, 3, 6, 8 என்ற நான்கு எண்களும் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, அந்த நான்கு படங்களையும் ஏற்றி, கண் இருக்கும் இடத்தில் கட்டம் போட்டு வெட்டிப் பார்க்க வேண்டும். நான்கிலும் நேரான கண் வந்தால் தளம் தேறிவிட்டது. ஒன்றில் காலர் வந்தாலும், விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிட இன்னும் நேரம் வரவில்லை.